நாற்பத்திரண்டு லட்சத்துக் கடையும் அதிலிருந்த பழுதும்

கல்கத்தா பவானிபூரில் எங்கள் கடையின் பரப்பு நூற்று நாற்பது சதுர அடி. காப்பிப்பொடி, இட்லி மாவு, அப்பளம், வடாம், முருங்கைக்காய் எல்லாம் உள்ளே போன பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் நான் நிற்கிறேன். தொப்பை போட ஆரம்பித்த வருஷத்திலிருந்து பக்கவாட்டில் நிற்கிறேன். பதினான்கு வருஷமாக இப்படி நின்றுவிட்டதால், அந்த இடம் எனக்கே சொந்தம் என்று உள்ளூர ஒரு நினைப்பு. மாதம் ஐந்தாம் தேதி வாடகை கொடுக்கும்போது மட்டும் அந்த நினைப்பைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிடுவேன்.

இடத்தின் சொந்தக்காரர் மாடியிலேயே குடியிருந்தார். எழுபது வயதைத் தாண்டிய வங்காளி. நான் அவரை தாதா என்பேன், அவர் மனைவியை பௌதி; வங்காளியில் அண்ணா, அண்ணி. தினம் காலை பத்து மணிக்கு அவர் படியிறங்கி வந்து, காப்பி அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நிற்பார். காப்பி குடிக்கமாட்டார், டீதான். வாசனைக்கு மட்டும் வருவார். வாசனைக்குக் காசு வாங்கியிருந்தால் பாதி வாடகை அதிலேயே போயிருக்கும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

சென்ற வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் வாசனை பிடித்து முடித்த பிறகும் போகவில்லை.

"முட்டி போச்சு. இந்தப் படி இனிமே ஆகாது. நியூ டவுன்ல லிஃப்ட் இருக்கற ஃபிளாட் பாத்திருக்கோம். மாடிக்கு ஆள் கெடச்சாச்சு. கீழ் கடையையும் வித்துடலாம்னு இருக்கேன். முதல்ல உன்கிட்ட சொல்றதுதான் முறை. பக்கத்துக் கடை சதுர அடி முப்பதாயிரத்துக்குப் போச்சு, தெரியுமில்ல? அந்தக் கணக்குல நாப்பத்திரண்டு லட்சம். துர்கா பூஜைக்கு முன்னாடி சொல்லு."

அவர் வங்காளியில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். நாற்பத்திரண்டு லட்சம் எந்த மொழியிலும் ஒரே மாதிரிதான் காதில் விழும்.

அன்று முழுக்க நான் கடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்குச் சுவரில் ஒரு விரிசல் உண்டு. பதினான்கு வருஷமாக 'தாதா, அதைக் கொஞ்சம் பாருங்க' என்று நச்சரித்த விரிசல். அன்றைக்கு அது எனக்கு அழகாகத் தெரிந்தது. சாயங்காலம் மாவு வாங்க வந்த ஒருவர், ஷட்டர் ஏன் இவ்வளவு துரு என்று கேட்டார். "அடுத்த மாசம் பெயின்ட் அடிக்கறேன்" என்றேன், ஏதோ அரண்மனைக்கு வெள்ளையடிப்பது போல. எங்கள் தெருவில் சொந்தக் கடைக்காரனை மாலிக் என்பார்கள். பூஜைக் கமிட்டிக்காரர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வரும்போது மாலிக் வீட்டுப் படியேறி நமஸ்காரம் சொல்லிவிட்டுக் கேட்பார்கள். வாடகைக்காரனிடம் தெருவில் நின்றபடியே கேட்பார்கள். தொகை என்னவோ ஒன்றுதான். ஆனாலும் அந்த நமஸ்காரம் எனக்கு வேண்டியிருந்தது.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறாள். எங்கள் வீட்டில் பேசும் வேலை எனக்கு, கூட்டிக் கழிக்கும் வேலை அவளுக்கு.

"வாங்கிடலாம்" என்றேன்.

"எதை வெச்சு?"

"லோன்."

"அது தெரியும். எதை வெச்சுன்னு கேட்டேன்."

எங்களிடம் வங்கி வைப்பாக பதினேழு லட்சம் இருந்தது. பெண் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள், கடையைத் தொடப்போவதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பதினேழு லட்சம் எங்கள் இருவரின் முதுமைக்கு. அதைத் தவிர எங்களுக்கு வேறு எதுவும் கிடையாது.

முதலில் கரியாஹாட்டில் ஒரு வங்கிக் கிளைக்குப் போனோம். கடன் பார்க்கும் அதிகாரி பொறுமையான மனுஷர். கடை என்றால் வீட்டுக் கடன் மாதிரி இல்லை, விலையில் எழுபது சதவீதம்தான் கொடுப்போம், வட்டி பத்தரை, பதினைந்து வருஷம் என்றார். பிறகு என் மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கைக் கேட்டார். நம் தொழிலில் எல்லோரையும் போல நானும் அதில் கொஞ்சம் அடக்கமாகவே இருந்திருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, இந்த மனுஷன் எப்படி மூன்று வேளை சாப்பிடுகிறான் என்பது போல என்னை மேலும் கீழும் பார்த்தார். தொப்பை அவரைக் குழப்பியிருக்க வேண்டும்.

"உங்க வருமானத்துக்கு இந்தத் தவணை வராது சார். மேடம் கூட்டா கையெழுத்துப் போட்டா பாக்கலாம்."

மேடம் தவணை எவ்வளவு என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடான பிறகு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவள் எழுத ஆரம்பித்தாள்.

"விலை நாப்பத்திரண்டு. பேங்க் குடுக்கறது இருபத்தொம்பது நாப்பது. நம்ம கைலேருந்து பன்னெண்டு அறுபது."

"அவ்வளவுதானே" என்றேன்.

"முத்திரைத்தாள் ஆறு பர்சன்ட், பதிவு ஒண்ணு. கிட்டத்தட்ட மூணு லட்சம். அதுவும் நாம பேசற விலைக்கு இல்ல, கவர்மென்ட் போட்டிருக்கற மதிப்பு ஜாஸ்தியா இருந்தா அதுக்கு. வக்கீல், பேங்க் செலவு அரை லட்சம். ஆகக்கூடி பதினாறு. பதினேழுல பதினாறு போச்சு."

"ஒண்ணு மிச்சம் இருக்கே."

"இருக்கு. விரிசலுக்கு."

அந்த விரிசல் எவ்வளவு அழகு என்று நான் அவளிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. நல்லவேளை.

"மாசத் தவணை முப்பத்திரண்டாயிரத்து ஐநூறு. பதினாறு லட்சம் பேங்க்ல இருந்தா ஏழு பர்சன்ட் குடுக்கும், மாசம் ஒம்பதாயிரத்து முன்னூறு. அதுவும் போச்சு. ரெண்டையும் கூட்டுங்க."

கூட்டினேன். அவள் ஏற்கெனவே கூட்டி வைத்திருந்ததைவிட நூறு ரூபாய் குறைவாக வந்தது. அவள் சொன்னதே சரி.

"நாப்பத்தோராயிரத்து எண்ணூறு. இப்ப வாடகை ஒம்பதாயிரத்து எண்ணூறு. அதே இடத்துல, அதே மாதிரி பக்கவாட்டுல நிக்கறதுக்கு."

"அப்படிப் பாக்கக்கூடாது. வாடகை போனா போனதுதான். தவணை நம்ம சொத்துல சேர்றது."

இந்த வாதத்தை இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தாள்.

"முதல் மாசத் தவணைல வட்டி மட்டும் இருபத்தஞ்சாயிரத்து எழுநூறு. சொத்துல சேர்றது ஆறாயிரத்து எண்ணூறு. வட்டியும் போனா போனதுதான். பேங்க்காரன் நம்ம வாசல்ல வந்து வாடகைன்னு கேக்கறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம்."

"விலை ஏறுமே. பதினஞ்சு வருஷத்துல ரெண்டு மடங்காகும்."

"ஆகலாம். அறுபது வருஷக் கட்டடம், விழவும் செய்யலாம். உங்களுக்கு அப்ப அறுபத்தெட்டு வயசு. தாதா மாதிரி முட்டி போயிருக்கும். நாமளும் லிஃப்ட் இருக்கற எடத்துக்குப் போகணும்னு இதை விப்போம்."

கடையில் மாதம் எல்லாம் போக ஐம்பத்தையாயிரம் நிற்கும். வாடகையை மிச்சம் பிடித்து, தவணையைக் கட்டினால் முப்பத்திரண்டாயிரம் நிற்கும். ஒரு மாதம் வியாபாரம் படுத்தால் அவள் சம்பளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அவள் அதை எழுதவில்லை. பென்சிலை மூடி போட்டு வைப்பது போல விரல்களால் பொத்திக்கொண்டாள், அவ்வளவுதான். நான் வாங்கவேண்டாம் என்று ஒப்புக்கொண்டேன்.

ஆனால் பயம் போகவில்லை. வாங்காவிட்டால் தாதா வேறு யாருக்கோ விற்பார். வருகிறவன் என்னைக் காலி செய்யச் சொல்வான். இந்தக் கடை போனால் இதே தெருவில் இன்றைக்கு இருபத்தையாயிரத்துக்குக் குறைந்து கிடைக்காது, புதிதாக ஒரு பெரிய தொகை சலாமியும் கேட்பார்கள். சலாமி என்றால் உள்ளே வரும்போது கொடுக்கும் மொத்தத் தொகை, திரும்பி வராது. நானும் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஐந்து லட்சம் கொடுத்துத்தான் நுழைந்தேன். அதனால்தான் வாடகை இத்தனை குறைவு.

பயந்தவன் சும்மா இருந்திருக்கலாம். நான் தேங்குழல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

பௌதி சந்தேஷ் என்ற பால் இனிப்பைத் தட்டில் வைத்து நீட்டினாள். இரண்டு எடுத்துக்கொண்டேன். மூன்றாவதுக்குக் கை போனபோது மனசு விரிந்துவிட்டது.

"தாதா, வாங்க முடியாது. ஆனா ஒண்ணு செய்யறேன். அடுத்த மாசத்துலேருந்து வாடகை பன்னெண்டாயிரம் தரேன். விக்காம வெச்சுக்கோங்க. இல்ல, வித்தாலும் பன்னெண்டாயிரம் தர நல்ல ஆள் உள்ள இருக்கான்னு சொல்லி வித்துக்கோங்க."

தாதா பௌதியைப் பார்த்தார். பௌதி தட்டைப் பார்த்தாள்.

"யோசிக்கறேன்" என்றார் தாதா.

பெரிய மனசோடு இறங்கி வந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. நல்ல காரியங்களைத் தம்பட்டம் அடிக்கக்கூடாது என்று ஒரு கொள்கை, அதோடு அவள் திட்டுவாளோ என்று ஒரு சந்தேகம்.

இரண்டு நாள் கழித்து அவளே ஒரு வக்கீலிடம் நேரம் வாங்கியிருந்தாள். இடம் கைமாறினால் நம் நிலைமை என்ன என்று கேட்க. வக்கீல் பவானிபூரிலேயே ஒரு பழைய கட்டடத்தில், கோப்புகளுக்கு நடுவே ஒரு துவாரம் செய்து அதில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வாடகை ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஒன்பதாயிரத்து எண்ணூறு. நல்லது."

"அடுத்த மாசத்துலேருந்து பன்னெண்டாயிரம்" என்றேன் பெருமையாக.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். என் மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக் கொடுத்துட்டீங்களா?" என்றார் வக்கீல்.

"இல்ல, வாய் வார்த்தைதான்."

"பணம் கொடுத்தீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்போ தப்பிச்சீங்க."

பிறகு நிதானமாகச் சொன்னார். கல்கத்தாவில் கடைக்கு மாத வாடகை பத்தாயிரம் வரைக்கும் இருந்தால் வாடகைச் சட்டம் பாதுகாக்கும். சொந்தக்காரர் மாறினாலும் வாடகைக்காரர் மாறமாட்டார், வாங்குகிறவர் சுவரோடு சேர்த்து அவரையும் வாங்குகிறார். ஒழுங்காக வாடகை கட்டிவந்தால், சட்டம் சொல்லும் காரணம் ஒன்றுகூட இல்லாமல் வெளியே அனுப்ப முடியாது. வாடகை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டால் அந்தச் சட்டம் கிடையாது. நோட்டீஸ் கொடுத்து வழக்குப் போட்டு அனுப்பலாம்.

"ரெண்டாயிரத்து இருநூறு ரூபா ஜாஸ்தி குடுத்து, உங்களை நீங்களே வெளில தள்ளிக்க இருந்தீங்க" என்றார்.

என் மனைவி மேஜையிலிருந்த ரசீதுகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சரி, விலை எவ்வளவு சொல்றாங்க?"

"நாப்பத்திரண்டு. பக்கத்துக் கடை ரேட்டு."

"பக்கத்துக் கடை காலியா வித்ததா?"

"ஆமா, காலி."

"உங்க கடைல ஒரு பழுது இருக்கே. அதுக்குக் கழிக்கலியா?"

"விரிசலா? அது பழசு."

"விரிசல் இல்ல. நீங்க."

இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கல்கத்தாவில் ஆள் இல்லாத கடைக்கு ஒரு விலை, குறைந்த வாடகையில் ஆள் உட்கார்ந்திருக்கும் கடைக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். மாதம் ஒன்பதாயிரத்து எண்ணூறு வரும் இடத்தை நாற்பத்திரண்டு லட்சத்துக்கு எவன் வாங்குவான், வருஷத்துக்கு மூன்று சதவீதம்கூடத் தேறாதே. அந்த விலையைக் குறைத்து வைத்திருக்கும் பழுதே நான்தான். என்னை நானே காலி செய்துவிட்டு, காலி செய்த கடைக்கு உண்டான விலையை நானே கொடுக்க, காலண்டர் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அதில் அவளுக்கும் பங்கு உண்டு என்பது அன்றைக்கு எனக்கு ஒரே ஆறுதல்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றார் வக்கீல் எழுந்திருக்கும்போது. "இந்தப் பாதுகாப்பு உங்க ஆயுசுக்கு. அதுக்கப்புறம் குடும்பத்துக்குச் சில வருஷம்தான்."

வீட்டுக்கு வந்ததும் அவள் புதிய காலண்டர் தாள் எடுத்தாள். இந்தத் தடவை விலையை மேலே எழுதாமல் வாடகையை மேலே எழுதினாள்.

"வருஷத்துக்கு ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்து அறுநூறு வாடகை. லோன் வட்டி, நம்ம பணத்தோட வட்டி ரெண்டும் கலந்து பத்து பர்சன்ட்னு வெச்சுக்கோங்க. இந்த வாடகைக்குச் சமமா வர விலை பன்னெண்டு லட்சம்தான். காலம் முழுக்க யாரும் தொந்தரவு பண்ணமாட்டாங்கங்கற நிம்மதிக்கு ஒரு ஆறு லட்சம் போடலாம். பதினெட்டு. அதுக்கு மேல ஒரு ரூபா இல்ல."

"நிம்மதிக்கு ஆறு லட்சம் எப்படி வந்தது?"

"உங்க கூட இருக்கற இந்த இருபத்தேழு வருஷத்துல எனக்கு அதோட விலை தெரியும்."

மறுநாள் இருவரும் மாடி ஏறினோம். சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்க வேண்டிய வேலை என்னுடையது. சந்தேஷ் தட்டு வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"தாதா, அன்னிக்கு ஒரு பன்னெண்டாயிரம் சொன்னேன்..."

அவர் மேஜை மேல் கண்ணாடிப் பேப்பர்வெயிட்டுக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அடுத்த மாத ரசீது, முன்கூட்டியே எழுதி வைத்தது. ஒன்பதாயிரத்து எண்ணூறு என்றே இருந்தது.

"நீ எறங்கினவுடனே, கடையை வாங்கக் கேட்ட ஒருத்தருக்கு வாடகை பன்னெண்டாயிரம்னு சொல்ல ஃபோனை எடுத்தேன்" என்றார். "பௌதிதான் தடுத்தா. அவன் சந்தேஷ் சாப்பிட்டா இப்படித்தான் பேசுவான், அவன் பொண்டாட்டி மேல வரட்டும், அவ சொன்னா எழுதிக்கோங்கன்னா."

பௌதி என் மனைவியைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். பதினான்கு வருஷத்தில் அவர்கள் இருவரும் பத்து வார்த்தைக்கு மேல் பேசி நான் பார்த்ததில்லை. அதற்குத் தேவை இருந்திருக்கவில்லை போலிருக்கிறது.

தாதா முட்டியைத் தடவிக்கொண்டார்.

"நாப்பத்திரண்டு உன்கிட்டதான் கேட்டேன். வெளி ஆள் ஒருத்தர் வந்தார். உள்ள ஆள் இருக்கான், வாடகை இவ்வளவுன்னதும் இருபத்திநாலுன்னுட்டார். அதைச் சொல்லக் கூச்சமா இருந்தது. நீ கேட்டா கொஞ்சம் கொறைக்கலாம்னு இருந்தேன். நீ கேக்கவே இல்ல. மேல பன்னெண்டாயிரம் வேற தரேங்கற."

"இவர் அப்படித்தான் தாதா" என்றாள் என் மனைவி. "எங்களால பதினெட்டுதான் முடியும். உங்க ஃபிளாட்டுக்கு எவ்வளவு வேணும்?"

"இருபத்திரண்டு லட்சமாவது வேணும், பௌமா" என்றார், மருமகளைக் கூப்பிடுகிற வார்த்தையில்.

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் பதைப்பு. பேசி இருபதுக்கு இறக்கலாம், அவர் இரங்கக்கூடிய மனுஷர் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கும்.

"அப்ப அவருக்கே குடுத்துடுங்க. இருபத்திநாலு உங்களுக்கு வேண்டிய பணம். எங்க வாடகை அப்படியே இருக்கும்னு மட்டும் அவர்கிட்ட தெளிவா சொல்லிடுங்க, அப்புறம் ஏமாந்தேன்னு சொல்லக்கூடாது."

"சொல்லிட்டேன். அவருக்குத் தெரியும்."

அப்படியே நடந்தது. பூஜைக்கு முன்னால் பத்திரம் பதிவாயிற்று. இனி வாடகையைப் புதுச் சொந்தக்காரரிடம் கொடுக்கவும் என்று தாதா ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வக்கீல் சொன்னபடி அதைக் கோப்பில் வைத்தோம். தாதாவும் பௌதியும் நியூ டவுனுக்குப் போனார்கள். அங்கே லிஃப்ட் இருக்கிறது, வாசனை இல்லை. அதனால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கால் கிலோ காப்பிப்பொடி அனுப்புகிறேன். டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு மூடிவிடுகிறாராம், குடிப்பதில்லை. பொடிக்கு மட்டும் இப்போது காசு வாங்குகிறேன்.

பூஜைக் கமிட்டிக்காரர்கள் இந்த வருஷமும் தெருவில் நின்றபடியே கேட்டார்கள். ஐநூற்றியொன்று கொடுத்தேன். வைப்பில் பதினேழு லட்சம் அப்படியே இருக்கிறது. மனைவி அதைப் பற்றிப் பேசுவதில்லை, ஆனால் காலண்டர் தாள் இரண்டையும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாள். நான் பெரிய மனசோடு எதையாவது ஆரம்பித்தால் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்ப்பாள்.

புதுச் சொந்தக்காரர் மரியாதையான ஆள். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி அவரே வருகிறார். வாடகையை எண்ணுவதற்கு முன்னால், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். முதல் மாதம் நல்ல பழக்கம் என்று நினைத்தேன். இரண்டாவது மாதம் வயசு என்ன, சர்க்கரை உண்டா, தூக்கம் வருகிறதா என்று விசாரித்தபோதுதான் வக்கீல் கடைசியில் சொன்னது ஞாபகம் வந்தது. அவர் இருபத்திநாலு லட்சம் போட்டிருப்பது நூற்று நாற்பது சதுர அடியில் இல்லை, என் ஆயுசில்.

வீட்டில் சொன்னேன். அவள் கால்குலேட்டரை எடுக்கவில்லை.

"நாளைலேருந்து கார்த்தால நடக்கப் போங்க" என்றாள். "சந்தேஷ் வேண்டாம்."

இப்போது தினம் காலை அரை மணி நேரம் நடக்கிறேன். தொப்பை ஒரு அங்குலம் உள்ளே போயிருக்கிறது. கடையில் கிட்டத்தட்ட நேராக நிற்கிறேன். ஐந்தாம் தேதி அவர் வந்து கேட்டால், "நல்லா இருக்கேன், ரொம்ப நல்லா இருக்கேன்" என்று கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஒன்பதாயிரத்து எண்ணூறுக்கு ரசீது எழுதுகிறார்.